பாதி விலைக் கருப்பட்டியும் ஸ்பாம் பெட்டியும்

கேள்வி: வணக்கம் சார். சாயல்குடிப் பக்கம் கடற்கரைக் கிராமத்தில் நானும் என் நாத்தனாரும் கருப்பட்டி, பனங்கற்கண்டு, ஓலைப்பெட்டி வியாபாரம் செய்கிறோம். கடைக்கு வெப்சைட் இருக்கு. 640 பேருடைய மெயில் ஐடி கையில் இருக்கு. பாதிப் பேர் எங்களிடம் வாங்கியவர்கள், மீதிப் பேர் ராமேஸ்வரத்தில் ஸ்டால் போட்டப்போ நோட்டில் எழுதிக் கொடுத்தவர்கள். போன பொங்கலுக்கு "🎉PONGAL MEGA SALE!!! 50% OFF, கருப்பட்டி FREE, இன்றே கடைசி!!!" என்று சப்ஜெக்ட் போட்டு, எங்கள் ஜிமெயில் முகவரியை வைத்து, மொத்தமாக மெயில் அனுப்பும் ஒரு சர்வீஸ் வழியாக அனுப்பினோம். பாதி விலை ஓலைப்பெட்டிக்கு மட்டும்தான். நாலு ஆர்டர் வந்தது. கேட்டால் ஸ்பாமில் கிடந்தது என்கிறார்கள். டிடிபி கடைத் தம்பி தமிழில் அடித்துக் கொடுத்ததைப் போட்டு மறுபடி அனுப்பினோம், அது "nghq;fy; jpUehs;" என்று போயிருக்கு. இந்த வருஷம் கருப்பட்டி, பனங்கிழங்கு, ஓலைப்பெட்டி மூன்றும் சேர்ந்த பார்சலுக்கு 15 சதவீதம் குறைக்கிறோம். ஸ்பாமுக்குப் போகாத, அதே சமயம் நம்ம வீட்டு ஆள் எழுதின மாதிரி இருக்கிற ஒரு வரி சொல்லுங்க.

பதில்: வரியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"பனங்கிழங்கு வந்தாச்சு, பொங்கலுக்கு அனுப்பவா?"

ஆனால் போன வருஷம் அனுப்பிய அதே முகவரியிலிருந்து அனுப்பினால் இந்த வரியும் ஸ்பாமில்தான் போய் விழும். அதனால் வரி எப்படி வந்தது என்பதற்கு முன்னால் முகவரியைச் சரிசெய்துவிடுவோம்.

உங்கள் மெயிலில் அனுப்புநர் இடத்தில் @gmail.com முகவரி இருந்தது. மெயிலைக் கொண்டுபோய்க் கொடுத்ததோ வேறொரு கம்பெனியின் சர்வர். வாங்கிக்கொள்ளும் ஜிமெயிலுக்கு இது உடனே தெரியும், ஏனென்றால் ஜிமெயில் முகவரியிலிருந்து வரும் மெயில் கூகுளின் சர்வரிலிருந்துதான் வர வேண்டும். 2024 பிப்ரவரியில் கூகுள் மெயில் அனுப்புகிறவர்களுக்கான விதிகளை இறுக்கியபோது, ஜிமெயில் முகவரியை வெளி சர்வரில் வைத்து அனுப்பாதீர்கள், அப்படி வருவதை ஒதுக்கிவைப்போம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. வெளி ஆள் யாரோ உங்கள் பெயரில் எழுதியது போலத்தான் அந்த மெயில் அங்கே தெரிந்திருக்கும். MEGA SALE என்ற வார்த்தைகளை ஜிமெயிலின் ஸ்பாம் ஃபில்டர் கணக்கில் எடுப்பதற்கு முன்பே பாதித் தீர்ப்பு முடிந்துபோயிருக்கும்.

இதற்கு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. வெப்சைட் இருப்பதால் அதன் பெயரான டொமைனும் இருக்கிறது. அந்த டொமைனில் ஒரு மெயில் முகவரி உண்டாக்கி, அதையே அனுப்புநராக வையுங்கள். நீங்கள் பயன்படுத்தும் சர்வீஸின் செட்டிங்ஸில் "டொமைனைச் சரிபார்க்க" என்று ஓர் இடம் இருக்கும். அங்கே இரண்டு மூன்று வரிகள் கொடுப்பார்கள். அவற்றை அப்படியே டொமைனின் விவரங்களை வைத்திருக்கும் டிஎன்எஸ் பகுதியில் ஒட்ட வேண்டும். வெப்சைட் செய்து கொடுத்தவருக்கு இது அரை மணி நேர வேலை. இந்தச் சர்வர் என் பெயரில் அனுப்பலாம் என்று அனுமதி கொடுப்பது எஸ்பிஎஃப். மெயில் உங்கள் டொமைனின் பேரில்தான் வந்தது என்று காட்ட, சர்வர் கண்ணுக்குத் தெரியாமல் போடும் கையெழுத்து டிகிம். இந்த இரண்டும் பொருந்தாத மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயில்காரர்களுக்கு அனுப்புகிறவர்கள் மூன்றையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் மூன்றையும் வைத்துவிடுங்கள், செலவு ஒன்றும் கிடையாது.

வைத்த பிறகு உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி, கம்ப்யூட்டரில் திறந்து, மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி Show original என்பதைப் பாருங்கள். மேலே இப்படி இருக்க வேண்டும்:

```
SPF:    PASS
DKIM:   PASS
DMARC:  PASS
```

ஒன்றில் FAIL என்று வந்தால் பொங்கல் மெயிலை அன்றைக்கு அனுப்ப வேண்டாம். டிஎன்எஸ் மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர ஒரு நாள்கூட ஆகலாம், எனவே இந்த வேலையை மார்கழி பிறந்ததுமே முடித்துவிடுவது நல்லது.

அடுத்து அந்த "nghq;fy;". டிடிபி கடைத் தம்பி மேல் தப்பில்லை. அவர் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். பாமினியில் அடிக்கும்போது கம்ப்யூட்டருக்குள் போவது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. நோட்டீஸ் அச்சடிக்க அது போதும். சப்ஜெக்ட் வரியில் எழுத்துருவை ஏற்றி அனுப்ப முடியாது, அதனால் போர்வை கழன்று உள்ளே இருந்தது வெளியே தெரிந்துவிட்டது. அர்த்தமில்லாத எழுத்துக் கோவை எந்த ஃபில்டருக்கும் சந்தேகம்தான், அதைவிட வாங்குகிற ஆளுக்கு அது வைரஸ் மெயில் மாதிரி இருந்திருக்கும். உங்கள் போனிலேயே தமிழ் விசைப்பலகையில் அடியுங்கள், அது எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாகத்தான் வரும். பழைய பாமினி வாசகம் இருந்தால் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிக் கொள்ளுங்கள்.

இங்கே இன்னொரு சின்ன விஷயம். யூனிகோடில் சரியாக அடித்தாலும் சப்ஜெக்ட்டில் உள்ள தமிழ், வழியில் அப்படியே போவதில்லை. பொங்கல் என்ற ஒரு சொல் இப்படிக் கட்டப்பட்டுத்தான் போகும்:

```
=?UTF-8?B?4K6q4K+K4K6Z4K+N4K6V4K6y4K+N?=
```

இப்படி ஒரு கட்டு 75 எழுத்துக்கு மேல் நீளக்கூடாது. அதில் தமிழ் 15 குறியீடுகள்தான் அடங்கும், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக எண்ணப்படும். எனவே நம் வரி எதுவானாலும் மூன்று நான்கு கட்டாகத்தான் பிரியும். நல்ல சர்வீஸ் எழுத்து உடையாமல் பிரிக்கும். மோசமானது எழுத்தின் நடுவே வெட்டிவிடும், அப்போது வாங்குகிறவர் திரையில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி தெரியும். சோதனை மெயிலில் அதைப் பார்த்தால் வரியைச் சுருக்கிப் பயனில்லை, சர்வீஸை மாற்றுங்கள்.

சரி, இப்போது வார்த்தைகளுக்கு வருவோம். "இந்தந்த வார்த்தை போட்டால் ஸ்பாம்" என்று பட்டியல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பாதிதான் உண்மை. ஸ்பாம்அசாசின் என்று ஒரு ஃபில்டர் உண்டு, சிறிய ஹோஸ்டிங் கம்பெனிகளின் மெயில் சர்வர்களில் நிறையப் பார்க்கலாம். அது ஒவ்வொரு அடையாளத்துக்கும் கொஞ்சம் மதிப்பெண் போட்டுக் கூட்டும். வழக்கமான அமைப்பில் கூட்டல் 5-ஐத் தொட்டால் ஸ்பாம். சப்ஜெக்ட் முழுக்கப் பெரிய ஆங்கில எழுத்தாக இருந்தால் அதற்கு ஒரு மதிப்பெண் விதி இருக்கிறது, பதில் எழுதாமலே பதில் போல Re: போட்டால் அதற்கும் இருக்கிறது. ஆக ஒரு FREE மட்டும் மெயிலைக் கவிழ்க்காது. FREE, பெரிய எழுத்து, ஆச்சரியக்குறிகள், பொருந்தாத முகவரி எல்லாம் ஒரே மெயிலில் சேரும்போதுதான் கணக்கு எகிறும். உங்களுடையது அப்படிச் சேர்ந்த மெயில்.

ஜிமெயில் இதைவிட அதிகமாக மனிதர்களைப் பார்க்கிறது. எத்தனை பேர் "ஸ்பாம்" பொத்தானை அழுத்தினார்கள், எத்தனை பேர் ஸ்பாமிலிருந்து வெளியே எடுத்தார்கள், யார் பதில் எழுதினார்கள் என்பதெல்லாம் உங்கள் முகவரியின் பேரில் எழுதப்படும். பெரிய அளவில் அனுப்புகிறவர்களுக்குக் கூகுள் சொல்லும் எல்லை 0.3 சதவீதம், முடிந்தால் 0.1-க்குக் கீழே வைத்திருக்கச் சொல்கிறது. இந்த அளவுகோலை உங்கள் 640 பேருக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டே இரண்டு பேர் எரிச்சலில் பொத்தானை அழுத்தினால் எல்லை தாண்டிவிடும்.

நீங்கள் ஸ்பாமுக்குப் போகக்கூடாது என்பதையும் அன்பாக இருக்க வேண்டும் என்பதையும் இரண்டு கோரிக்கையாக வைத்திருக்கிறீர்கள். என் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். அந்தப் பொத்தானை அழுத்துகிறவர் பெரும்பாலும் "யாரிது?" என்று நினைத்து அழுத்துகிறார், இல்லையென்றால் "ஏமாற்றுகிறார்கள்" என்று நினைத்து அழுத்துகிறார். யாரென்று தெரிந்து, சொன்னது நிஜமாகவும் இருந்தால் மூடிவிட்டுப் போவாரே தவிர புகார் செய்ய மாட்டார்.

போன வருஷ வரியை இந்தக் கண்ணோடு பாருங்கள். பாதி விலை ஓலைப்பெட்டிக்கு, ஆனால் வரியில் அதன் பக்கத்தில் நிற்பது கருப்பட்டி. கருப்பட்டி வாங்கிப் பழகியவருக்கு "பாதி விலை" என்றால் சந்தோஷம் வராது, சீனி கலந்திருக்கிறார்கள் என்ற எண்ணம்தான் வரும். நம் பக்கத்துப் பெண்கள் ஒரு துண்டை உடைத்து உள்ளே பார்த்து, நாக்கில் வைத்து, அப்புறம்தான் விலை கேட்பார்கள். இப்படிப்பட்டவர்களிடம் 50% என்று கத்துவது சரக்கின் மேல் நாமே சந்தேகத்தைக் கிளப்பிவிடுவது. "இன்றே கடைசி" என்பது நிஜமா? மறுநாள் யாராவது போன் போட்டால் கொடுக்காமலா இருந்திருப்பீர்கள்?

"புத்தம் புதுக் கருப்பட்டி" என்றும் எழுதிவிடாதீர்கள். பதநீர் இறக்குவது மாசி, பங்குனியில் தொடங்கும். தையில் உங்களிடம் இருப்பது போன பருவத்துச் சரக்கு. அதில் குறை ஒன்றுமில்லை, நன்றாகக் காய்ந்து இறுகிய கருப்பட்டியைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் புதுசு என்று எழுதினால் விவரம் தெரிந்தவர் சிரித்துவிடுவார்.

பனையில் தை மாதத்துக்கு நிஜமாகவே புதுசு எது? கிழங்குதான். ஆவணி, புரட்டாசியில் புதைத்த பனங்கொட்டை மார்கழி கடைசியில் கிழங்காகி, பொங்கலுக்குக் கரும்போடும் மஞ்சளோடும் சந்தைக்கு வருகிறது. வருஷத்தில் சில வாரம்தான் கிடைக்கும், சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற ஊர்க்காரருக்கு அது எளிதில் கிடைக்காது. அதனால்தான் வரியின் தலையில் கிழங்கை வைத்தேன். "சீக்கிரம் வாங்குங்கள்" என்று நாம் அவசரப்படுத்த வேண்டியதில்லை, கிழங்கு எத்தனை நாள் கிடைக்கும் என்று அவர்களுக்கே தெரியும்.

நான் முதலில் எழுதிப் பார்த்தது வேறு. "இனிய பொங்கல் நல்வாழ்த்துகள், 15% சிறப்புத் தள்ளுபடி" என்று ஒன்று. அதில் பிழை இல்லை, ஆனால் அந்த வாரத்தில் வங்கியிலிருந்து ஜவுளிக்கடை வரை எல்லோரும் அனுப்புவது அதுதான். போன் திரையில் முதல் நான்கைந்து சொல்தான் தெரியும், அந்த இடம் முழுக்க வாழ்த்திலேயே போய்விடும். அடுத்தது "சாயல்குடி கருப்பட்டி பொங்கல் பார்சல், 15% குறைவு". இதில் ஊர் இருக்கிறது, பொருள் இருக்கிறது, விலை இருக்கிறது. நம்பகமான வரிதான், ஆனால் பில் மாதிரி இருக்கிறது. மூன்றாவதாகத்தான் "வந்தாச்சு", "அனுப்பவா" இரண்டும் வந்தன. உங்கள் கடையில் போனை எடுத்துப் பேசும்போது நீங்கள் சொல்லுவதே இதுதான் என்று நினைக்கிறேன். பேசுகிற தமிழ் சப்ஜெக்ட்டில் இருந்தால் தப்பில்லை.

தள்ளுபடி எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். சப்ஜெக்ட்டுக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு வரி தெரியுமே, அதற்குச் சர்வீஸில் தனி இடம் இருக்கும். அங்கே எழுதுங்கள்: "கருப்பட்டி, கிழங்கு, ஓலைப்பெட்டி சேர்த்து எடுத்தால் 15 சதவீதம் குறைவு. 8-ம் தேதிக்குள் சொல்லுங்க." அந்த இடத்தைக் காலியாக விட்டால் "இந்த மெயில் சரியாகத் தெரியவில்லையா" மாதிரி எதையாவது அதுவே இழுத்துப் போட்டுக்கொள்ளும். அனுப்புநர் பெயரில் கடைப் பெயரை மட்டும் போடாமல் உங்கள் பெயரையும் "சாயல்குடி" என்பதையும் சேருங்கள். ஊர்ப் பெயர் அங்கே வந்துவிடுவதால் சப்ஜெக்ட்டில் இடம் மிச்சமாகிறது. 8-ம் தேதி என்று நான் போட்டது, பொங்கல் ஜனவரி 14 அல்லது 15-ல் வருவதால் பார்சலுக்கு ஐந்தாறு நாள் விட்டுத்தான். உங்கள் கூரியர் எத்தனை நாள் எடுக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். சப்ஜெக்ட்டில் எமோஜி வேண்டுமென்றால் ஒன்று போடலாம். வாங்குகிறவர் பெயரை மட்டும் சப்ஜெக்ட்டில் நிரப்ப வேண்டாம், நோட்டிலிருந்து ஏற்றிய பட்டியலில் பாதிப் பேருக்கு இன்ஷியல்தான் இருக்கும்.

"அனுப்பவா?" என்று கேட்டிருப்பதால் சிலர் "ஒரு பார்சல் அனுப்புங்க" என்று மெயிலிலேயே பதில் எழுதுவார்கள். அது ஆர்டர், அதோடு ஜிமெயிலுக்கு உங்களைப் பற்றிக் கிடைக்கும் நல்ல சாட்சியும் அதுதான். எனவே பதில் வரும் முகவரி நீங்களோ நாத்தனாரோ தினமும் திறந்து பார்க்கிற பெட்டியாக இருக்கட்டும். மெயிலின் அடியில் "இனி மெயில் வேண்டாம்" என்று தமிழில் தெளிவாக ஒரு இணைப்பும் வையுங்கள். போகிற வழி தெரியாதவர்தான் ஸ்பாமை அழுத்துவார்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்து ஆட்கள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருந்துகொண்டு ஊரில் உள்ள வீட்டுக்கு ஆர்டர் போடுவது உங்களுக்கும் உண்டு என்று நினைக்கிறேன். அவர்களைத் தனியாகப் பிரித்து, "ஊர் வீட்டுக்குப் பனங்கிழங்கு அனுப்பவா?" என்று அனுப்புங்கள். பொங்கல் என்ற சொல்லை அதில் நான் வைக்கவில்லை. அந்தப் பட்டியலில் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய இருக்கும், அவர்களுக்கும் கிழங்கு கிழங்குதான். "அம்மாவுக்கு அனுப்பவா" என்று எழுதத்தான் கை போகும், எழுதாதீர்கள். அம்மா இல்லாத ஒருவர் அந்த வரியை அபுதாபியில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பார்த்தால் எப்படி இருக்கும்?

அனுப்பும் வரிசையிலும் ஒரு கவனம் வேண்டும். புது முகவரியிலிருந்து முதல் நாளே 640 மெயில் கிளம்பினால் அதுவே சந்தேகத்துக்கு இடம். ஜனவரி 2 வாக்கில், கடந்த ஒரு வருஷத்தில் வாங்கியவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். உங்களைத் தெரிந்தவர்கள், திறப்பார்கள். இரண்டு நாள் விட்டு, அதற்கு முன் வாங்கியவர்களுக்கு. நோட்டு ஆட்களிடம்தான் சிக்கல். கையெழுத்து புரியாமல் ஏற்றிய முகவரிகள் திரும்பி வரும், அதுவும் உங்கள் பேரில்தான் எழுதப்படும். திரும்பியதை உடனே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு வருஷத்துக்கு மேற்பட்ட பக்கங்களை விட்டுவிடுங்கள், ராமேஸ்வரத்துக்கு வந்து போன யாத்ரீகருக்கு உங்களை ஞாபகம் இருக்காது. சமீபத்தில் எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் வேறு சப்ஜெக்ட்: "ராமேஸ்வரம் ஸ்டாலில் கருப்பட்டி பார்த்தீர்களே, ஞாபகம் இருக்கா?" ஸ்டாலுக்கு வந்து எழுதிக் கொடுத்தவர்தானே, கேள்வி பொய்யில்லை. உள்ளே முதல் வரியிலேயே எந்த மாதம், எங்கே ஸ்டால் போட்டிருந்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

அனுப்புவதற்கு முன் சோதனைக்கு உங்கள் போன் மட்டும் போதாது, உங்கள் ஜிமெயிலுக்கு உங்களை ஏற்கெனவே தெரியும். இதுவரை உங்களிடமிருந்து மெயில் வாங்காத இரண்டு மூன்று உறவினர்களைப் பிடித்து, ஜிமெயில் ஒன்று, யாஹூ ஒன்று, அவுட்லுக் ஒன்று என்று அனுப்பிப் பாருங்கள். போன் பூட்டியிருக்கும்போது திரையில் எத்தனை சொல் தெரிகிறது என்று கேளுங்கள். ஜிமெயிலில் Promotions என்ற பகுதியில் விழுந்தால் கவலைப்பட வேண்டாம். அது ஸ்பாம் இல்லை, விற்பனை மெயில் போகிற இடமே அதுதான், அதிலிருந்து தப்பிக்க ஜாலம் செய்யப் போனால்தான் ஸ்பாமுக்குப் போவோம். ஸ்பாமிலேயே விழுந்தால் மெயிலைத் திறந்து மேலே உள்ள பட்டையைப் படியுங்கள், ஏன் இங்கே வந்தது என்று ஒரு காரணம் போட்டிருக்கும். அனுப்புநரைச் சரிபார்க்க முடியவில்லை என்ற மாதிரி இருந்தால் டிஎன்எஸ் வேலை அரைகுறை. முன்பு ஸ்பாம் என்று ஒதுக்கியவற்றைப் போல இருக்கிறது என்றால் உள்ளே இருக்கும் வாசகத்தையும் இணைப்புகளையும் பாருங்கள். போன வருஷ மெயிலையே நகல் எடுத்துத் திருத்தியிருந்தால் அதை விட்டுவிட்டுப் புதிதாக எழுதுவது நல்லது.

ஒன்று மட்டும் உங்கள் கையில் இல்லை. மழை தள்ளிப்போய் ஜனவரி 2-க்குள் கிழங்கு தோண்ட முடியாமல் போனால் "வந்தாச்சு" என்று அனுப்பிவிடாதீர்கள். அந்த நிலைமைக்கு "சாயல்குடி கருப்பட்டி பொங்கல் பார்சல், 15% குறைவு" என்ற அந்த இரண்டாவது வரியை அனுப்புங்கள். கிழங்கு பின்னால் வரும், எப்போது வரும் என்பதை உள்ளே எழுதிவிடுங்கள்.